வீட்டு உரிமையாளருக்கு ஒரு வாழ்த்து

அன்புக்குரியோரே,

அக்டோபர் நெருங்கும்போது யாங்கூனில் வாடகை வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. "சாமி, தடிஞ்சூட் விழாவுக்கு வீட்டு உரிமையாளரைப் போய்ப் பார்க்க வேண்டுமா? பார்த்தால் என்ன சொல்வது, என்ன கொண்டுபோவது?" கேட்பவர் வயதில் பெரியவராக இருந்தால், நல்ல பெரிய கூடையாகக் கொண்டுபோக வேண்டும் என்ற முடிவோடுதான் வருவார். இளைஞராக இருந்தால், "ஓராண்டு வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவருக்கு வாழ்த்து வேறு எதற்கு? இது கூழைக்கும்பிடு" என்பார். இருவர் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. வாழ்த்தச் செல்வது நல்லது என்பதே என் கருத்து. ஆனால் அந்த வாழ்த்தோடு வேறெதுவும் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் விழாவைப் பற்றி. புத்த துறவியர் ஓரிடத்தில் தங்கியிருக்கும் மழைக்கால நோன்பு, வாசோ மாத முழுநிலவில் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத் தடிஞ்சூட் முழுநிலவில் நிறைவுறுகிறது. அன்று வீடுகளிலும் தெருக்களிலும் விளக்கேற்றுகிறார்கள். அன்றும் அதையடுத்த நாள்களிலும் இளையோர் பெற்றோரையும் ஆசிரியரையும் மூத்தோரையும் தேடிச் சென்று வணங்குகிறார்கள். இந்த வணக்கத்துக்கு பர்மிய மொழியில் 'கடோ' என்று பெயர். முழந்தாளிட்டுக் கைகூப்பி நெற்றி தரையில் படுமாறு வணங்குவர். உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு கேட்பர். மூத்தவர் ஆசி கூறுவார். பழமோ மெழுகுவத்தியோ லுங்கித் துணியோ கொடுப்பது வழக்கம். வணங்கிய சிறுவர்களுக்கு மூத்தவர் 'மொண்போ' என்னும் பலகாரக் காசு தருவதும் உண்டு.

பர்மியர் முடிவில்லாத நன்றிக்குரியவர்களாக ஐவரை எண்ணுகின்றனர்: புத்தர், அவர் அறம், துறவியர் சங்கம், பெற்றோர், ஆசிரியர். வீட்டு உரிமையாளர் இந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் வழக்கத்தில் மேலதிகாரியையும் முதலாளியையும் வீட்டு உரிமையாளரையும் பலர் இந்நாள்களில் சென்று கண்டு வருகின்றனர். பட்டியலில் இல்லாத ஒருவரிடம் நாம் செல்வதால், எதற்காகச் செல்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

அந்தத் தெளிவைக் குலைக்கும் ஒரு செய்தி உண்டு. மழைக்கால நோன்பின்போது திருமணம் செய்வதையும் வீடு மாறுவதையும் பர்மியர் மரபாகத் தவிர்க்கின்றனர். ஆகவே நோன்பு முடிந்ததும் திருமண அழைப்புகளும் குடிமாறும் வண்டிகளும் ஒன்றாகத் தெருவில் தென்படத் தொடங்கும். காலி செய்யச் சொல்ல நினைக்கும் உரிமையாளரும், வேறு வீடு பார்க்க நினைக்கும் குடித்தனக்காரரும் இதற்காகவே பொறுத்திருப்பார்கள். வணங்கச் செல்லும் நாளும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலமும் இப்படி அருகருகே வந்துவிடுகின்றன. வாழ்த்துக்குள் வாடகைப் பேச்சு நுழைவதற்கு நாட்காட்டியே வழிவிடுகிறது என்று சொல்லலாம்.

இங்கே குடியிருப்பவரின் நிலையும் எளிதானதன்று. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ உரிய வாடகையை மொத்தமாக முன்பணமாகக் கொடுக்க வேண்டும். தரகருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை போய்விடும். வட்டார அலுவலகத்தில் இருப்பிடப் பதிவு செய்யவும் உரிமையாளரின் ஒத்துழைப்பு வேண்டும். வீட்டில் இரவு தங்கும் விருந்தினரைப் பற்றி வட்டார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் வட்டார, சிற்றூர் நிர்வாகச் சட்டத்தில் இருந்தது. 2016இல் நீக்கப்பட்ட அந்த விதி 2021 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஊரிலிருந்து தம்பி வந்து தங்கினாலும் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்குப் பின்னால் உரிமையாளரின் நல்லெண்ணம் வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் சொல்லும் வாழ்த்தில் அச்சத்தின் வாடை சிறிது கலந்திருப்பது இயல்பே. கூழைக்கும்பிடு என்று நம் இளைஞர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். அவர்கள் சுளிப்பதில் எனக்கு வியப்பில்லை.

அச்சம் கலந்த வாழ்த்து காலப்போக்கில் என்னவாகும் என்பதற்குத் திருச்சபையின் திருவிழா ஒன்றோடு பிணைந்த பழைய கதை உண்டு. செப்டம்பர் 29, அதிதூதர் மிக்கேல் திருநாள். இங்கிலாந்தில் அது காலாண்டு வாடகை செலுத்தும் நாள்களில் ஒன்றாகவும் இருந்தது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியத்தைத் தின்று கொழுத்த வாத்தை நிலக்கிழாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது குடியானவரின் வழக்கம். 1575இல் ஜார்ஜ் காஸ்காயின் என்ற கவிஞர் இதைக் கிண்டல் செய்திருக்கிறார். மிக்கேல் திருநாளுக்கு வாத்து, கிறிஸ்து பிறப்புக்குக் கொழுத்த சேவல், தவக்காலத்தில் மீன், புத்தாண்டுக்கும் ஏதோ ஒன்று என்று குடியானவர் கொண்டுபோவதெல்லாம் குத்தகை கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தினால்தான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அயர்லாந்தில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1800இல் வெளிவந்த மரியா எட்ஜ்வொர்த்தின் 'காசில் ராக்ரென்ட்' என்ற நாவலைப் படித்தவர்களுக்குக் 'கடமைக் கோழி' நினைவிருக்கும். குத்தகைக்காரர் நிலக்கிழார் வீட்டுக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய கோழியும் வான்கோழியும் வாத்தும் கடமையாகவே ஆகிவிட்டன. எப்போதோ ஒருவர் மனமுவந்து கொண்டுபோன கோழியை மறு ஆண்டு எதிர்பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டு அது வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். இறுதியில் எழுத்தில் வைத்து வாங்கினார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மனமுவந்து கொடுத்த கோழிக்கும் எழுதி வாங்கிய கோழிக்கும் சுவையில் வேறுபாடு இருந்திருக்காதுதான். கொடுத்தவனின் முகம் வேறாக இருந்திருக்கும்.

ஆகவே பெரிய கூடையை ஆதரிக்கும் மூத்தோருக்கு நான் சொல்வது இது. கூடையை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக்கினால், உங்களுக்குப் பின் அந்த வீட்டில் குடியேறப் போகும் ஏழைக்கும் சேர்த்து நீங்கள் ஒரு வரி விதிக்கிறீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழமோ வீட்டில் செய்த பலகாரமோ போதும். உண்டு தீர்ந்துபோகும் பொருளாக இருக்கட்டும். சென்ற ஆண்டு கொடுத்ததைவிட விலை கூடியதாக இருக்க வேண்டாம். விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய பொருள் எதையும் கொண்டுபோகாதிருப்பது இன்னும் நல்லது.

இனி, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை. பெயரும் தெருவும் வேண்டாம். நகர நடுவில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த பர்மியப் பெண்மணி; பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; வேறோர் இடத்தில் மகளோடு வாழ்கிறார். ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது. செப்டம்பரிலேயே கணவர் ஒரு வாழ்த்தை எழுதி, பர்மிய மொழியில் வைபரில் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். தமிழில் அதன் பொருள் இது:

"மதிப்பிற்குரிய அம்மா, வரவிருக்கும் தடிஞ்சூட் விழாவுக்கு வாழ்த்துகள். ஏழாண்டுகளாகத் தங்கள் வீட்டில் இருக்கிறோம். ஒருமுறையும் வாடகை தவறியதில்லை. இவ்வாண்டு தொழில் சரியில்லை. நவம்பரில் வாடகையை உயர்த்தாதிருக்கத் தங்கள் நல்ல உள்ளத்தை வேண்டுகிறோம். சமையலறைக் குழாயும் ஒழுகுகிறது. விழாவன்று பரிசுக்கூடையோடு நேரில் வருகிறோம்."

இதில் பொய் ஒன்றுமில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் அந்த மூதாட்டியின் இடத்தில் அமர்ந்து இதைப் படித்துப் பாருங்கள். முதல் வரி வாழ்த்து, அடுத்த இரண்டு வரிகள் கணக்கு, பிறகு விண்ணப்பம், பிறகு முறையீடு, கடைசியில் ஒரு கூடை. இத்தனைக்கும் பின் அவர் அந்தக் கூடையை வாங்கிக்கொண்டால் வாடகையை உயர்த்தமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமோ என்று எண்ணுவார். உயர்த்த நினைத்தால் விழா நாளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய பழி வரும். ஆசி கூற வேண்டியவரை நாம் பேரம் பேசுமிடத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். இதே போன்ற கடிதத்தை அனுப்பிவிட்ட வேறொரு குடும்பத்துக்கு வந்த பதில் ஒரே வரி: "வாடகையைப் பற்றிப் பிறகு பேசலாம்." வாழ்த்துக்குப் பதில் இல்லை. வாழ்த்து வாழ்த்தாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

அனுப்பும் முன் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கடிதத்திலிருந்து வாழ்த்து வரியை மறைத்துவிட்டுப் படியுங்கள். எஞ்சியது முழுமையான ஒரு விண்ணப்பமாக நின்றால், அந்த வாழ்த்து வெறும் உறை.

நான் சொன்ன யோசனை, இரண்டு கடிதங்களாகப் பிரிப்பது. அதில் எது முதலில் என்பதுதான் சிக்கல். பலர் முதலில் வாழ்த்திவிட்டு, ஒரு வாரம் கழித்து வாடகையைப் பேசுவார்கள். அது தூண்டிலில் புழு வைப்பது போலாகும். எதிரிலிருப்பவருக்கும் அது தெரியும். நான் மாற்றிச் சொன்னேன். வாடகையையும் குழாயையும் இப்போதே, விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, நேராக எழுதுங்கள். அதில் விழாவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வாடகையில் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது, குழாய் எங்கே ஒழுகுகிறது, யார் செலவில் சரிசெய்வது என்று தெளிவாக இருக்கட்டும். பதில் எதுவாயினும் வரட்டும். அதன்பின் விழா வரும்போது வாழ்த்துங்கள்.

பதில் வந்தது. குழாயைச் சரிசெய்ய ஆள் அனுப்புவதாகவும், வாடகையைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தியே ஆக வேண்டும் என்றும் அந்த அம்மையார் எழுதியிருந்தார். கணவருக்குச் சினம். "இனி எதற்குப் போய் வணங்க வேண்டும்?" என்றார். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. மனைவிதான், "கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காக நிறுத்தினால், கேட்பதற்காகத்தான் இத்தனை ஆண்டும் போனோம் என்று ஆகிவிடும்" என்றார். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லாமல் போயிற்று. வாழ்த்தை அவரே எழுதினார்:

"சயாமா, தடிஞ்சூட் நன்னாளில் எங்கள் குடும்பத்தின் பணிவான வணக்கம். தாங்கள் உடல்நலத்தோடும் மன அமைதியோடும் நெடுநாள் வாழ இறைவனை வேண்டுகிறோம். சென்ற மழைக்காலத்தில் சின்னவன் காய்ச்சலாகக் கிடந்தபோது தாங்கள் நாள்தோறும் விசாரித்ததை நாங்கள் மறக்கவில்லை. தங்களுக்கு வசதியான ஒரு காலையில் பத்து நிமிடம் வந்து வணங்கிச் செல்ல விரும்புகிறோம்."

நான்கே வரிகள். வாடகை இல்லை, ஆண்டுக்கணக்கு இல்லை, கூடையைப் பற்றிய முன்னறிவிப்பு இல்லை. அந்த அம்மையாருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு நினைவு இருக்கிறது. அந்த வரியை வேறொருவருக்கு அனுப்ப முடியாது. சந்திப்புக்கு நேரம் குறிப்பதையும் அவரிடமே விட்டிருக்கிறார்கள். சென்று வந்தார்கள். வாடகை குறையவில்லை, உயர்ந்த வாடகையைத்தான் நவம்பரில் கட்டினார்கள். பிள்ளைகள் இருவருக்கும் மொண்போ கிடைத்தது. வட்டார அலுவலகத்துக்கான தாளில் அந்த அம்மையார் அன்றே கையொப்பமிட்டுத் தருகிறேன் என்று தாமாகவே கூறியிருக்கிறார். மனைவி, "இன்று வேண்டாம் சயாமா, அதற்கு இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். எனக்கு இதில் சற்றுப் பெருமை உண்டு.

'சயாமா' என்று அவர் விளித்ததைக் கவனித்திருப்பீர்கள். ஆசிரியப் பெண்மணியை அப்படி அழைப்பர், ஆணாயின் 'சயா'. பிறரில் மூத்த ஆணின் பெயருக்கு முன் 'ஊ', பெண்ணின் பெயருக்கு முன் 'டோ' என்று சேர்க்க வேண்டும். வெறும் பெயரைச் சொல்லி மூத்தவரை அழைப்பது பெருங்குறை. ஆங்கிலப் பழக்கத்தில் 'திருமதி' என்பது போல ஒன்றைப் போட்டுப் பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதுவதும் தவறு. பர்மியருக்குக் குடும்பப் பெயர் என்பது மரபில் இல்லை. கடைசிச் சொல் தந்தை பெயரும் அன்று, கணவர் பெயரும் அன்று. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலராக இருந்த ஊ தாண்டை உலகமே 'ஊ' என்பதும் அவர் பெயரின் பகுதி என்று எண்ணிக்கொண்டிருந்தது. அவர் பெயர் தாண்ட் மட்டுமே. பெயரை முழுமையாக எழுதி, முன்னொட்டைச் சரியாக வைத்தாலே வாழ்த்தில் பாதி மரியாதை வந்துவிடும்.

மண்டியிட்டு வணங்கலாமா என்ற ஐயம் நம் மக்களில் சிலருக்கு உண்டு. இறைவனுக்கு மட்டுமே உரியது ஆராதனை. மூத்தோருக்குச் செய்வது வணக்கம். இந்த வேறுபாட்டைத் திருச்சபை எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. சீனக் கத்தோலிக்கர் கன்பூசியசுக்கும் மூதாதையருக்கும் தலைவணங்கும் வழக்கத்தை 1742இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் உறுதியாகத் தடை செய்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1939 டிசம்பர் 8ஆம் நாள், உரோமை அந்தத் தடையைத் தளர்த்தியது. அத்தகைய வணக்கம் சமூக மரியாதையே என்று ஏற்றுக்கொண்டது. அந்த ஆவணம் சீனாவுக்காக எழுதப்பட்டது. அதன் காரணம் இங்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் மண்டியிட மனம் ஒப்பாதவர் வலிந்து செய்ய வேண்டியதில்லை. காலணியைக் கழற்றி, மூத்தவர் அமர்ந்திருக்கும் உயரத்துக்குமேல் நிற்காமல் தாழ அமர்ந்து, கைகூப்பி, கொண்டுவந்ததை இரு கைகளாலும் கொடுத்தால் எவரும் குறை காணமாட்டார்கள்.

உரிமையாளர் புத்த சமயத்தவராகவே இருப்பார் என்பதில்லை. லத்தாவில் சீனராக இருக்கலாம், பபேடானில் இசுலாமியராகவோ நம் தமிழராகவோ இருக்கலாம். அவரவர் திருநாளில் வாழ்த்துவதே முறை. நம் கிறிஸ்து பிறப்புக்கு நாம் பலகாரம் கொடுத்தனுப்புவது வேறு. அது நம் மகிழ்ச்சியைப் பகிர்வது. இசுலாமியர் வீட்டுக்கு அனுப்பும் கேக்கில் திராட்சைமது ஊறியிருக்கக்கூடாது என்பதை மட்டும் அடுமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் வாழ்த்தில் வேறொரு நுட்பம் உண்டு. பர்மியருக்குப் பிறந்த தேதியைவிடப் பிறந்த கிழமை முக்கியம். ஷ்வேடகோனில் புதன்கிழமையை இரண்டாகப் பிரித்து எட்டுக் கிழமைகளுக்கு எட்டு இடங்கள் உண்டு. தத்தம் கிழமைக்குரிய இடத்தில் நீர் ஊற்றி வணங்குவர். பிறந்தநாளில் துறவியருக்கு உணவளித்து அறம் செய்வோரும் பலர். ஆகவே காலையிலேயே கேக்கோடு போய் நிற்காதீர்கள். அவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள், அல்லது வேலையாக இருப்பார்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத் தாளிலோ அடையாள அட்டை நகலிலோ பார்த்துக் குறித்து வைத்திருந்தால், அந்த வாழ்த்து சிலருக்கு மகிழ்ச்சியைவிடத் திகைப்பையே தரும். அவரோ அவர் வீட்டாரோ சொல்லித் தெரிந்திருந்தால் மட்டும் வாழ்த்துங்கள்.

இதைப் படிக்கும் வீட்டு உரிமையாளர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், அவரவர்க்குச் செலுத்த வேண்டியவற்றைச் சொல்லும்போது வரியைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் வைக்கிறார். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. குடித்தனக்காரர் வாழ்த்தியதற்காக வாடகையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை; வாழ்த்தவில்லை என்பதற்காக உயர்த்தும் உரிமையும் இல்லை. உங்களைத் தேடி ஐந்து மாடி இறங்கி வந்தவர்களிடம் அந்தப் பத்து நிமிடமாவது வாடகையைப் பற்றிப் பேசாதிருங்கள். கைநிறைய எதையேனும் கொண்டுவந்திருந்தால், அதில் பாதியைப் பிள்ளைகள் கையில் திருப்பிக் கொடுத்தனுப்புங்கள்.

இவ்வாண்டு எழுதி வைத்திருக்கும் வாழ்த்தை அனுப்பும் முன் எவரேனும் படித்துப் பார்க்க வேண்டும் என்றால், மாலைத் திருப்பலி முடிந்து அரைமணி நேரம் நான் பங்கு இல்லத்தில் இருப்பேன். பர்மிய எழுத்துப் பிழைகளை என் உபதேசியார் என்னைவிட நன்றாகத் திருத்துவார்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை